அத்தியாயம் 6: ஒரு மணி நேரத்துக்கு என்ன விலை?

மதுரை திருநகரிலிருந்து ஒரு தாய் என்னைப் பார்க்க வந்தார். மே மாதக் கடைசி. மகள் பிளஸ் டூ போகிறாள், கணிதத்துக்கும் இயற்பியலுக்கும் டியூஷன் வைக்க வேண்டும். கையில் இரண்டு தாள்கள். ஒன்று அண்ணா நகரில் உள்ள பயிற்சி மையத்தின் வழவழப்பான அச்சுத்தாள். இன்னொன்று நோட்டிலிருந்து கிழித்தது. அதில் வீட்டுக்கு வந்து சொல்லிக்கொடுக்கும் இரண்டு ஆசிரியர்கள் கேட்ட தொகையைப் பேனாவால் எழுதியிருந்தார்.

“சென்டர்ல ரெண்டு பாடத்துக்கும் சேர்த்து வருசத்துக்கே நாப்பத்தெட்டாயிரம்தான் சார். வீட்டுக்கு வர்றவங்க ஆளுக்கு மாசம் ஆறாயிரம் கேக்குறாங்க. ஜூன்லேர்ந்து ஜனவரி வரைக்கும்னா தொண்ணூத்தாறாயிரம் ஆகுது. சரிபாதிக்குப் பாதி. இதுல யோசிக்க என்ன இருக்குன்னு வீட்டுக்காரர் கேக்குறார்.”

பெரும்பாலான வீடுகளில் முடிவு இந்த இடத்திலேயே எடுக்கப்பட்டுவிடுகிறது. 48,000 சிறியது, 96,000 பெரியது. ஆனால் இரண்டும் ஒரே அளவு சரக்கின் விலை அல்ல. அரிசி வாங்கும்போது மூட்டை விலையைக் கேட்டுவிட்டு, மூட்டையில் எத்தனை கிலோ என்று கேட்காமல் யாரும் வருவதில்லை. படிப்பு விஷயத்தில் கேட்காமல் வந்துவிடுகிறோம். இங்கே கிலோவுக்குப் பதில் மணி. அந்தத் தாயும் நானும் அன்று மதியம் உட்கார்ந்து போட்ட கணக்கை அப்படியே இந்த அத்தியாயத்தில் தருகிறேன். உங்கள் ஊர், உங்கள் தொகை வேறாக இருக்கும். கணக்கின் வழி மாறாது.

மையத்தின் கணக்கு

முதலில் கட்டணம். அச்சுத்தாளில் 48,000 என்று பெரிய எழுத்தில் இருந்தது. அதன் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி. தாளின் அடியில் அதே நட்சத்திரத்துக்குப் பக்கத்தில் “வரிகள் தனி” என்று எறும்பு அளவு எழுத்து. தனியார் பயிற்சி மையக் கட்டணத்துக்கு 18 சதவீதம் ஜி.எஸ்.டி. உண்டு. பள்ளிக் கட்டணத்துக்கு உள்ள விலக்கு இதற்குக் கிடையாது. 48,000-க்கு வரி 8,640. புத்தகம், தேர்வுத்தாள், அடையாள அட்டை என்று இன்னொரு 3,500. ஆக 60,140. கணக்கு எளிதாக இருக்க 60,000 என்று வைத்துக்கொண்டோம். சேரும் நாளில்தான் இந்தத் தொகை பலருக்குத் தெரியவருகிறது. விசாரிக்கப் போகும்போதே “வரி, புத்தகம் எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு கட்டணும்?” என்று கேட்டு, அதை அவர்கள் தாளிலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

அடுத்து மணி. திங்கள், புதன், வெள்ளி மாலை 6 முதல் 8 வரை வகுப்பு. சனிக்கிழமை இரண்டு மணி நேரத் தேர்வு. வாரத்துக்கு 8 மணி. ஜூன் இரண்டாம் வாரத்திலிருந்து ஜனவரி முடிய 33 வாரம். பெருக்கினால் 264 மணி. 60,000-ஐ 264-ஆல் வகுத்தால் மணிக்கு 227 ரூபாய் வருகிறது. மையத்தின் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லும் கணக்கும் இதுதான். பொய் இல்லை. ஆனால் இது நாட்காட்டியில் உள்ள மணி. பிள்ளைக்குக் கிடைக்கும் மணி வேறு.

காலாண்டுத் தேர்வு நடக்கும் நாட்களில் மையம் விடுமுறை விடும். அரையாண்டுக்கும் அப்படியே. இடையில் ஆயுத பூஜை, தீபாவளி, பொங்கல். எல்லாம் சேர்ந்து ஐந்து வாரம் கழியும் என்று வைத்தோம். 28 வாரம், 224 மணி. இதற்கு மேல் பிள்ளையின் சொந்த விடுப்பு உண்டு. காய்ச்சல், வீட்டு விசேஷம், மறுநாள் பள்ளியில் தேர்வு என்று போகாமல் நின்றுவிடும் மாலை. ஆறு நாள் என்றாலும் 12 மணி போயிற்று. மிச்சம் 212. வீட்டுக்கு வரும் ஆசிரியர் விடுபட்ட வகுப்பை வேறொரு நாளில் எடுக்க முடியும். மையத்தில் விட்ட வகுப்பு விட்டதுதான். நாற்பது பேருக்கு நடந்த பாடத்தை ஒரு பிள்ளைக்காகத் திரும்ப நடத்த மாட்டார்கள்.

60,000-ஐ 212-ஆல் வகுத்தால் 283. பயணத்தைத் தொடுவதற்கு முன்பே மணிக்கு 56 ரூபாய் ஏறிவிட்டது.

பயணம்: யார் போகிறார்கள், எத்தனை முறை

பயணச் செலவைக் கேட்டால் எல்லோரும் பஸ் டிக்கெட்டைத்தான் சொல்வார்கள். இந்தக் குடும்பத்தில் அது பூஜ்யம். தமிழகத்தில் 2021 மே மாதம் முதல் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. திருநகரில் ஏறி, பெரியார் நிலையத்தில் இறங்கி, அங்கே வேறு பஸ் பிடித்து அண்ணா நகர் போகலாம். ஆகவே “போக்குவரத்துச் செலவே இல்ல சார்” என்றார் அந்தத் தாய்.

“சரிம்மா, ராத்திரி எட்டு மணிக்கு வகுப்பு முடிஞ்சதும் எப்படி வரும் பிள்ளை?”

“அவங்க அப்பா வண்டில போய்க் கூட்டிட்டு வந்துடுவார்.”

செலவு அந்தப் பதிலுக்குள் இருந்தது. மையம் ஏறத்தாழ 12 கிலோமீட்டர். தந்தை போக 12, வர 12. ஸ்கூட்டர் ஊர் நெரிசலில் லிட்டருக்கு 40 கிலோமீட்டர் கொடுத்தால், பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய் என்று எடுத்துக்கொண்டு, கிலோமீட்டருக்கு இரண்டரை ரூபாய். டயர், எஞ்சின் ஆயில், பிரேக், சர்வீஸ் ஆகியவற்றுக்குக் கிலோமீட்டருக்கு ஒரு ரூபாயாவது வைக்க வேண்டும். அது அன்றன்றைக்குத் தெரியாது, ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெக்கானிக் கடையில் தெரியும். 24 கிலோமீட்டருக்கு 84 ரூபாய்.

212 மணி என்றால், நாளுக்கு இரண்டு மணி வீதம் 106 நாள். மழை, வண்டி பழுது, தந்தைக்கு வேலை முடியாத நாள் என்று ஒரு 10 நாளுக்கு ஆட்டோ, தலா 300 ரூபாய். மீதி 96 நாள் ஸ்கூட்டர். ஸ்கூட்டருக்கு 8,064, ஆட்டோவுக்கு 3,000. நாலேகாலுக்குப் பள்ளி விட்டு, ராத்திரி ஒன்பது மணிக்குச் சாப்பிடப்போகும் பிள்ளை வழியில் டீயோ ஜூஸோ ஒரு வடையோ சாப்பிடாமல் இருக்காது, இருக்கவும் கூடாது. நாளுக்கு 30 வீதம் 3,180. எல்லாம் சேர்த்து 14,244.

பல வீடுகளில் கொண்டுபோய் விடுவதும் தந்தைதான். விட்டுவிட்டு வீட்டுக்கு வந்து, மறுபடி போய் அழைத்து வந்தால் பிள்ளையின் பயணம் இரண்டு, வண்டியின் பயணம் நான்கு. 24 அல்ல, 48 கிலோமீட்டர். நாளுக்கு 168 ரூபாய். வண்டிச் செலவைக் கணக்கிடும்போது பிள்ளை எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணாதீர்கள், வண்டி எத்தனை முறை போய்வருகிறது என்று எண்ணுங்கள். நான் பார்த்த கணக்குகளில் அதிகம் தவறியது இந்த இடத்தில்தான்.

இப்போது மையத்தின் முழுச்செலவு 60,000-உம் 14,244-உம் சேர்த்து 74,244. இதை 212-ஆல் வகுத்தால் மணிக்கு 350 ரூபாய். 227-இல் தொடங்கிய விலை இது.

நேரத்தைப் பணமாக்கி இந்தக் கணக்கில் நான் சேர்ப்பதில்லை. ஒரு மாணவியின் மாலைப்பொழுதுக்கு மணிக்கு இவ்வளவு என்று யார் விலை வைப்பது? ஆனால் பக்கத்தில் தனி வரியாக எழுதி வைப்பேன். பஸ்ஸில் போக, மாறி ஏறக் காத்திருப்பதும் சேர்த்து, ஒரு மணி. ஸ்கூட்டரில் வர 40 நிமிடம். 106 நாளில் பிள்ளைக்கு வழியில் போகும் நேரம் ஏறத்தாழ 177 மணி. 212 மணி வகுப்புக்கு 177 மணி சாலை. தந்தைக்குப் போகவர ஒரு மணி 20 நிமிடம் வீதம் ஸ்கூட்டர் எடுக்கும் 96 நாளில் 128 மணி. பிளஸ் டூ படிக்கும் பிள்ளைக்குப் பாடத்தைத் தானாக உட்கார்ந்து போட்டுப் பார்க்க வேண்டிய நேரம் அந்த 177 மணிக்குள்தான் இருக்கிறது. அந்த வரியை எழுதியதும் அந்தத் தாய் சிறிது நேரம் பேசவில்லை.

வீட்டு ஆசிரியரின் கணக்கு

இப்போது நோட்டுத்தாளுக்கு வருவோம். ஒரு பாடத்துக்கு மாதம் 6,000. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் ஒன்றரை மணி. மாதத்துக்கு 13 வகுப்பு என்றால் பத்தொன்பதரை மணி. மணிக்கு 308 ரூபாய். மையத்தின் 350-ஐ விடக் குறைவு! இங்கே நிறுத்திவிட்டால் வீட்டு டியூஷன்தான் மலிவு என்று ஆகிவிடும். அதுவும் தவறு. மையத்தை எவ்வளவு கறாராகக் கணக்கிட்டோமோ அதே கறாருடன் வீட்டு ஆசிரியரையும் கணக்கிட வேண்டும். நானே பல வருடம் வீடுவீடாகப் போய்க் கணிதம் சொல்லிக்கொடுத்தவன். அந்த ஒன்றரை மணி எங்கே கரைகிறது என்று எனக்குத் தெரியும்.

அவர்கள் வீட்டில் இதற்குச் சாட்சி இருந்தது. மூத்த மகன் பிளஸ் டூ படித்தபோது வந்த ஆசிரியருக்கு, சார் வந்த நாளில் மாதக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார் அந்தத் தாய். பால் கணக்குக்கு வட்டம் போடுவது போல. பழைய காலண்டரைத் தேடிப் பார்த்துவிட்டு மறுநாள் போனில் சொன்னார்: பெரும்பாலான மாதங்களில் பதினொரு வட்டம். மகனைக் கேட்டதற்கு, ஏழு மணிக்கு வர வேண்டியவர் ஏழேகாலுக்கு வருவார், எட்டரைக்குக் கிளம்பிவிடுவார் என்றான். பதினொரு வகுப்பு, ஒன்றேகால் மணி வீதம்: 13.75 மணி. 6,000-ஐ இதனால் வகுத்தால் மணிக்கு 436 ரூபாய்.

ஆசிரியரைக் குற்றம் சொல்வதற்கில்லை. முந்தைய வீட்டில் ஒரு கணக்கு முடியாமல் இழுக்கும், வழியில் ரயில்வே கேட் அடைத்திருக்கும், அடுத்த வீட்டில் ஒரு பிள்ளை காத்திருக்கும். கோளாறு மாதச் சம்பளம் என்ற ஏற்பாட்டில் இருக்கிறது. மாதத்துக்கு இவ்வளவு என்று பேசினால், விடுபடும் ஒவ்வொரு வகுப்பும் பெற்றோர் தலையில் விழுகிறது. மணிக்கு இவ்வளவு, அல்லது வகுப்புக்கு இவ்வளவு என்று பேசினால் விழாது. ஆசிரியருக்கும் இதில் நஷ்டமில்லை; கூடுதலாக எடுத்த அரைமணிக்கும் அவருக்குக் காசு வரும். அந்தத் தாய் திரும்பப் போய்ப் பேசியதில் இருவருமே மணிக்கு 450 என்று ஒத்துக்கொண்டார்கள். 308-க்குக் கிடைக்கும் என்று தெரிந்ததை விட இது அதிகம்தான். ஆனால் 450 என்றால் 450. அது 500 ஆகாது. வீட்டு ஆசிரியருடைய ஆண்டு வருமானம் 20 லட்சத்தைத் தாண்டாத வரை ஜி.எஸ்.டி. பதிவும் அவருக்குத் தேவையில்லை, ஆகவே மேலே வரியும் இல்லை.

மணிக்கு விலை பேசும்போது மூன்று விஷயத்தைச் சேர்த்துப் பேசிவிடுங்கள். மணி எப்போது தொடங்கும்: வாசலில் வண்டி நின்றபோதா, புத்தகம் திறந்தபோதா? வர முடியாவிட்டால் எத்தனை மணி நேரம் முன்பு சொல்ல வேண்டும், அது இரு தரப்புக்கும். பணம் மாதக் கடைசியில், நடந்த மணிக்கு. முன்பணம் கேட்டால் நான்கு வகுப்புக்கு மேல் கொடுக்க வேண்டாம். ஒரு நோட்டில் தேதி, வந்த நேரம், போன நேரம், நடந்த பாடம் என்று நான்கு கட்டம் போட்டு, வகுப்பு முடியும்போது பிள்ளையே எழுதட்டும். ஆசிரியரும் பார்க்கும்படி மேசை மேலேயே அந்த நோட்டு இருக்கட்டும். ஒளித்து எழுதினால் சந்தேகமாகிவிடும்.

அரசுப் பள்ளி ஆசிரியர் ஒருவர் மாலையில் வந்து சொல்லித்தருவதாகச் சொன்னால் ஒருமுறை யோசியுங்கள். 2009-ஆம் ஆண்டின் இலவசக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 28-ஆம் பிரிவு ஆசிரியர்கள் தனி டியூஷன் எடுப்பதைத் தடை செய்கிறது. நல்ல ஆசிரியராகவே இருக்கலாம். ஆனால் யாரோ ஒரு புகார் கொடுத்தால் டிசம்பரில் வகுப்பு நின்றுபோகும், அப்போது புது ஆளைத் தேடுவது கடினம்.

350-ஆ, 450-ஆ?

ஆக, நேர்மையான இரண்டு எண்கள் நம் கையில்: மையம் மணிக்கு 350, வீடு மணிக்கு 450. மையம் மலிவு. நூறு ரூபாய் வித்தியாசம். “அப்ப சென்டர்தானே சார்?” என்றார் அந்தத் தாய்.

இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம் இதற்குப் பிறகுதான் வருகிறது. மணிக்கான விலையைக் கண்டுபிடித்ததும், எத்தனை மணி வேண்டும் என்று கேட்க வேண்டும். மையத்தில் 212 மணியையும் மொத்தமாகத்தான் வாங்க முடியும். எனக்கு நூறு மணி போதும், நூறுக்கு மட்டும் பணம் தருகிறேன் என்றால் அவர்கள் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். வீட்டு ஆசிரியரிடம் தேவைப்பட்ட அளவு வாங்கலாம். மையத்தின் மொத்தச் செலவான 74,244-ஐ வீட்டு விலையான 450-ஆல் வகுத்துப் பாருங்கள். 165 வருகிறது. பிள்ளைக்கு 165 மணிக்குக் குறைவாக உதவி போதும் என்றால் வீட்டு டியூஷன் மொத்தத்தில் மலிவு. அதற்கு மேல் வேண்டுமென்றால் மையம் மலிவு. உங்கள் வீட்டுக்கான அந்த எண்ணைக் கண்டுபிடிப்பதுதான் முதல் வேலை. மற்றக் கேள்விகளெல்லாம் அதற்குப் பிறகு எளிதாகிவிடும்.

எத்தனை மணி வேண்டும் என்பதை எப்படித் தெரிந்துகொள்வது? பாடப்புத்தகத்தின் பொருளடக்கத்தைத் திறந்து பிள்ளையுடன் உட்கார்ந்தால் தெரியும். தமிழ்நாடு பாடத்திட்டத்தில் பிளஸ் டூ கணிதத்துக்கு 12 பாடம், இயற்பியலுக்கு 11 அலகு. புதுப் பாடம்தான், இன்னும் நடத்தவில்லைதான். ஆனால் ஒவ்வொன்றுக்கும் பிளஸ் ஒன்னில் ஒரு வேர் இருக்கிறது. அந்த வேர் எங்கே பலவீனமோ அங்கே உதவி வேண்டும். பிளஸ் ஒன் வகை நுண்கணிதத்தில் தடுமாறிய பிள்ளைக்குப் பிளஸ் டூவில் வகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், பகுதி வகைக்கெழுக்கள், தொகை நுண்கணிதத்தின் பயன்பாடுகள், வகைக்கெழுச் சமன்பாடுகள் என்று நான்கு பாடமும் சேர்ந்தே இடறும். அதே பிள்ளைக்கு அணிகள், நிகழ்தகவு, தனிநிலைக் கணிதம் ஆகியவை பள்ளியில் கேட்டாலே போதுமானதாக இருக்கலாம்.

இந்தப் பெண்ணிடம் பிளஸ் ஒன் ஆண்டுத் தேர்வில் எழுதியதைப் பாடவாரியாக மறுபடி போடச் சொன்னோம். நுண்கணிதம் நான்கும், வெக்டரும், ஆகக் கணிதத்தில் ஐந்து பாடம். பாடத்துக்கு 12 மணி, கடைசியில் திருப்புதலுக்கு 15 மணி: 75. இயற்பியலில் நிலைமின்னியல் தொடங்கி மின்காந்தத் தூண்டல் வரை நான்கு அலகு, ஒளியியல் இரண்டு: ஆறு அலகுக்கு 10 மணி வீதம் 60, திருப்புதலுக்கு 10: ஆக 70. மொத்தம் 145 மணி. 165-க்குக் கீழே, ஆனால் வெகுதூரம் கீழே இல்லை.

145 மணிக்கு 65,250 ரூபாய். பயிற்சிப் புத்தகம், நகல் எடுப்பது ஆகியவற்றுக்கு 2,000. மையத்தில் கிடைக்கும் சனிக்கிழமைத் தேர்வு வீட்டில் கிடைக்காதே, அதற்கு என்ன செய்வது? பொதுத்தேர்வு மூன்று மணி நேரம். கணிதத்துக்கு 90 மதிப்பெண், இயற்பியலுக்கு 70. மூன்று மணி ஒரே இடத்தில் உட்கார்ந்து, தெரியாத ஒருவர் கண்காணிப்பில் எழுதிப் பழகுவது வீட்டுக்கூடத்தில் வராது. அம்மா காய்கறி நறுக்கிக்கொண்டே பார்த்துக்கொள்ளும் தேர்வு தேர்வல்ல. மையத்தின் உண்மையான பலம் இதுதான். பாடம் நடத்துவதைவிட இதைத்தான் நான் உயர்வாக மதிப்பேன். சில மையங்கள் ஞாயிற்றுக்கிழமைத் தேர்வுகளை மட்டும் தனியாகக் கட்டணம் வாங்கி நடத்துகின்றன. அக்கம்பக்கத்தில் விசாரித்ததில் பத்துத் தேர்வுக்கு 4,000 என்று ஒன்று கிடைத்தது. பகல் நேரம், போகவர இரண்டுமே இலவச பஸ். ஆக மொத்தம் 71,250.

74,244-க்கும் 71,250-க்கும் உள்ள வித்தியாசம் மூவாயிரம். பணத்தை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லலாம். 48,000-க்கும் 96,000-க்கும் இருந்த தூரம் எங்கே போயிற்று என்று அந்தத் தாய்க்கு ஆச்சரியம். இந்த நிலையில் முடிவைப் பணம் சொல்லாது, பக்கத்தில் எழுதி வைத்த 177 மணி சொல்லும்.

எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிட வேண்டும். இந்தப் பெண் எல்லாப் பாடத்திலும் தடுமாறுபவளாக இருந்தால், 210 மணி வேண்டியிருக்கும். வீட்டில் அதற்கு 94,500. அப்போது 20,000 ரூபாய்க்கு மேல் மையம் மலிவு. அல்லது வீடு அண்ணா நகரிலேயே இருந்தால், பயணமும் ஆட்டோவும் இல்லாமல் மையம் 60,000-இலேயே நின்றுவிடும்; சமநிலை எண் 165-இலிருந்து 133 மணிக்கு இறங்கிவிடும். அப்போது 145 மணி தேவைப்படும் அதே பெண்ணுக்கு மையமே சரி.

வகுப்பறையின் ஒரு மணி

நாற்பது பேர் உட்காரும் வகுப்பின் ஒரு மணியும், ஒரு பிள்ளை எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு மணியும் சமமா என்று கேட்பார்கள். சமம் அல்ல. ஆனால் எந்தப் பக்கம் எவ்வளவு அதிகம் என்பது பிள்ளைக்குப் பிள்ளை மாறும். இதை அளக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அந்த ஒரு மணியில் பிள்ளை தன் கையால், யாரும் அடுத்த வரியைச் சொல்லாமல், எத்தனை கணக்கு போட்டது என்று எண்ணுவது. பலகையில் இருந்து எழுதி எடுத்தது கணக்கில் சேராது. மையத்தின் நோட்டைப் பார்த்தால் பக்கம் பக்கமாக நிறைந்திருக்கும். “இதுல நீயா போட்டது எதும்மா?” என்று கேட்டால் சில சமயம் ஒன்றுகூட இருக்காது.

இது வீட்டு ஆசிரியருக்கும் பொருந்தும். பேனாவைப் பிள்ளை கையிலிருந்து வாங்கித் தானே போட்டுக்காட்டும் ஆசிரியரிடம், 450 ரூபாய் கொடுத்து ஒற்றை ஆள் வகுப்பறையைத்தான் வாங்குகிறீர்கள். முதல் இரண்டு வாரம் நோட்டில் இருக்கும் கையெழுத்து யாருடையது என்று பாருங்கள். பாதிக்கு மேல் ஆசிரியர் கையெழுத்து இருந்தால் அவரிடம் மரியாதையாகச் சொல்லுங்கள். அதன்பிறகும் மாறவில்லை என்றால் ஆளை மாற்றுங்கள்.

நடுவில் நின்றால்

மணிக்கான விலை திடீரென்று ஏறும் ஓர் இடம் உண்டு. ஜூனில் முழுக் கட்டணமும் கட்டியாயிற்று. காலாண்டுத் தேர்வு முடிந்ததும் பிள்ளை, “எனக்கு ஒண்ணும் புரியலப்பா, இனி போகல” என்கிறது. அதுவரை 80 மணி போயிருக்கிறது என்றால், 60,000-ஐ 80-ஆல் வகுக்க வேண்டும். மணிக்கு 750. பயணமும் சேர்ந்தால் 800-ஐத் தாண்டிவிடும். இந்தக் கணக்கை மனதில் போட்டுவிட்டு, “கட்டின காசு வீணாயிடுமே” என்று பிள்ளையைத் தொடர்ந்து அனுப்பும் வீடுகள் அதிகம். கட்டிய காசு எப்படியும் போய்விட்டது; தொடர்ந்து அனுப்பினால் மீதி மாதத்தின் மாலைப்பொழுதும் அதோடு போகும்.

மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் பயிற்சி மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. முழுக் கட்டணம் கட்டிய மாணவர் நடுவில் நின்றால், மீதிக் காலத்துக்கான பங்கைப் பத்து நாளுக்குள் திருப்பித் தர வேண்டும் என்று அதில் இருக்கிறது. படிப்புக் காலத்தின் நடுவில் கட்டணத்தை ஏற்றவும் கூடாது. இது நெறிமுறை, சட்டமாகச் செயல்படுவது மாநிலங்கள் கையில் இருக்கிறது. ஆகவே இதை மட்டும் நம்பிக்கொண்டு கட்டாமல், சேரும் நாளிலேயே கேளுங்கள்: “நடுவுல நின்னா எவ்வளவு திரும்பக் கிடைக்கும்? ரசீதுல எழுதித் தர முடியுமா?” எழுதித் தர மறுக்கும் மையத்தில் மூன்று தவணைக்குக் குறையாமல் பிரித்துக் கட்டுங்கள். மொத்தமாகக் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி என்பார்கள். அந்த 3,000 ரூபாயை விட, அக்டோபரில் விலகும் உரிமை உங்களுக்கு அதிக மதிப்புள்ளது. ரசீதில் வரியைத் தனியே காட்டியிருக்கிறார்களா என்று பாருங்கள். வரி வாங்கிக்கொண்டு வெறும் துண்டுச்சீட்டு கொடுத்தால், பின்னால் தகராறு வரும்போது கையில் ஆதாரம் இருக்காது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. புகார் செய்ய அங்கே முதலில் கேட்பது ரசீதைத்தான்.

வீட்டு டியூஷனில் இந்த அபாயம் சிறியது. நடந்த மணிக்கு மாதக் கடைசியில் பணம் கொடுப்பதால், நின்றுவிட்டால் நஷ்டம் ஒன்றும் இல்லை. மணிக்கு நூறு ரூபாய் அதிகம் கொடுப்பதில் ஒரு பங்கு இந்த விடுதலைக்கான விலை.

இரண்டு பிள்ளைகள், ஒரு ஆசிரியர்

திருநகர் வீட்டில் கடைசியில் நடந்தது இது. அடுத்த தெருவில் அதே வகுப்புப் பெண் ஒருத்தி இயற்பியலுக்கு ஆள் தேடிக்கொண்டிருந்தாள். இயற்பியல் ஆசிரியரிடம் இருவரையும் சேர்த்து மணிக்கு 600 என்று பேசினார்கள், ஆளுக்கு 300. ஆசிரியருக்கு 150 ரூபாய் கூடுதல், இரண்டு வீட்டுக்கும் 150 ரூபாய் மிச்சம். இயற்பியல் 70 மணிக்கு 21,000. கணிதம் தனியாகவே, 75 மணிக்கு 33,750. தேர்வுக்கும் புத்தகத்துக்கும் 6,000. மொத்தம் 60,750. மையத்தை விட 13,000 ரூபாய்க்கு மேல் குறைவு.

இருவர் சேர்ந்து படிப்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு. இருவருக்கும் ஒரே அலகுகளில் தடுமாற்றம் இருக்க வேண்டும். ஒருத்தி மின்னியலில் நிற்க, இன்னொருத்தி ஒளியியலில் நின்றால், ஒவ்வொருத்திக்கும் பாதி மணி வீணாகும். 300 ரூபாய் மணி உண்மையில் 600 ரூபாய் மணி ஆகிவிடும். அந்த இரண்டு தாய்மாரும் பொருளடக்கத்தை எதிரெதிரே வைத்து, ஆறு அலகில் ஐந்து ஒன்றுதான் என்று பார்த்த பிறகே ஆசிரியரிடம் பேசினார்கள். ஆறாவது அலகை இந்தப் பெண் மட்டும் இரண்டு ஞாயிற்றுக்கிழமை தனியாகப் படித்துக்கொண்டாள். அந்த மணிகளுக்கு மட்டும் 450; அந்தக் கூடுதல் மேலே சொன்ன மொத்தத்தில் சேரவில்லை.

நோட்டு மேசை மேல் இருந்தது. ஜூலை மாதம் கணித ஆசிரியர் மூன்று நாள் வரவில்லை. மாதக் கடைசியில் நோட்டைத் திறந்து அவரே கூட்டி, நடந்த எட்டரை மணிக்கு 3,825 ரூபாய் என்று சொல்லி வாங்கிப் போனார். விடுபட்ட மணிகளை ஆகஸ்டில் சனிக்கிழமை காலையில் எடுத்தார்.